டயர் சைஸ் சரி, எண் தவறு: சுமையேற்றிய குடும்ப வேனில் 102H இருந்த இடத்தில் 98T

ஏழு இருக்கை வேன். ஏழு பேரும் பெரியவர்கள், பின்னால் பெட்டிகள், மேலே கூரைப் பெட்டி. நெடுஞ்சாலையில் மணிக்கு 110 கிலோமீட்டர் வேகத்தில் மூன்று மணி நேரம் ஓடிய பிறகு, பின்பக்கத்திலிருந்து மெல்லிய அதிர்வு வரத் தொடங்கியது. ஸ்டீயரிங்கில் அல்ல, இருக்கையில். வேகத்தைக் குறைத்தபோது அதிர்வு நிற்காமல் ‘தப் தப்’ என்ற ஒலியாக மாறியது. ஓட்டுநர் ஓரங்கட்டிப் பார்த்தபோது, வலது பின் டயரின் ட்ரெட்டில், அதாவது சாலையைத் தொடும் பகுதியில், ஓரிடம் உள்ளங்கை அகலத்துக்கு உப்பியிருந்தது. டயர் வெடிக்கவில்லை. இன்னும் அரை மணி ஓடியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று உறுதியாகச் சொல்ல முடியாது.

ஸ்டெப்னியைக் கழற்றி வைத்தபோதுதான் விஷயம் தெரிந்தது. ஸ்டெப்னி, வண்டி வாங்கியபோதே வந்த டயர். அதன் பக்கச்சுவரில் 215/65R16 102H XL என்று இருந்தது. உப்பிய டயரில் 215/65R16 98T. இரண்டு மாதத்துக்கு முன் நான்கு டயரையும் மாற்றியபோது கடையில், “அதே சைஸ்தான் சார்” என்று சொல்லியிருக்கிறார்கள். சொன்னது பொய்யில்லை. அகலம் 215 மில்லிமீட்டர், பக்கச்சுவரின் உயரம் அகலத்தில் 65 சதவீதம், ரிம் 16 அங்குலம், எல்லாம் அச்சு அசலாக ஒன்றுதான். ரிம்மில் கச்சிதமாக உட்கார்ந்தது, எங்கும் உரசவில்லை, மீட்டரும் சரியாகக் காட்டியது. வேறுபாடு கடைசியில் இருக்கும் எண்ணிலும் எழுத்திலும் மட்டும்.

இந்த வேன் எந்த நிறுவனத்தின் எந்த மாடல் என்பது இங்கே தேவையில்லை. கீழே வரும் எடைகளும் அளவுகளும் உள்ள எந்த வேனுக்கும் கணக்கு இதேதான்.

அந்த எண் என்ன சொல்கிறது

சைஸுக்குப் பின்னால் வரும் எண் சுமைக் குறியீட்டெண். அது கிலோ அல்ல, உலகம் முழுக்க ஒரே மாதிரி இருக்கும் ஓர் அட்டவணையின் வரிசை எண். 98 என்றால் ஒரு டயர் 750 கிலோ வரை தாங்கும். 99 என்றால் 775, 100 என்றால் 800, 102 என்றால் 850. ஆக 102-லிருந்து 98-க்கு இறங்கியது வெறும் நான்கு படிதான் என்று தோன்றினாலும், டயருக்கு 100 கிலோ, இரண்டு சக்கரங்களைத் தாங்கும் அச்சுக்கு 200 கிலோ போய்விட்டது.

ஒரே சைஸில் இரண்டு குறியீட்டெண் எப்படி வருகிறது? 98 என்பது இந்த சைஸின் சாதாரண வகை. 102 என்பது எக்ஸ்ட்ரா லோடு வகை. அதன் உடற்கட்டு கூடுதல் காற்றழுத்தத்தைத் தாங்கும்படி வலுவாகச் செய்யப்பட்டிருக்கும். அதைத்தான் XL என்ற எழுத்துகள் சொல்கின்றன. சில டயர்களில் ‘எக்ஸ்ட்ரா லோடு’ என்றோ ‘ரீஇன்ஃபோர்ஸ்டு’ என்றோ முழுதாகவே பொறித்திருப்பார்கள். XL என்பதை ஆடையின் அளவு போல எண்ணி, பெரிய டயர் என்று நினைத்துக்கொள்பவர்கள் உண்டு. வெளி அளவில் அது பெரிதல்ல.

இதுவரை சொன்னது பலருக்கும் தெரிந்திருக்கும். தெரியாமல் போவது அடுத்தது: அந்த 750-க்கும் 850-க்கும் ஒரு நிபந்தனை உண்டு. 98 எண் உள்ள சாதாரண டயர் 750 கிலோவைத் தாங்குவது அதன் ஆதார அழுத்தமான 36 பிஎஸ்ஐ (2.5 பார்) காற்று இருக்கும்போது. 102 எண் உள்ள XL டயர் 850 கிலோவைத் தாங்குவது 42 பிஎஸ்ஐ (2.9 பார்) இருக்கும்போது. காற்று குறைந்தால் தாங்கும் எடையும் குறையும். ஐரோப்பிய டயர் தர அளவுகளில் இதற்குப் பயன்படும் வாய்பாடு இது:

```
தாங்கும் எடை = குறியீட்டெண் எடை × (உள்ள அழுத்தம் ÷ ஆதார அழுத்தம்)^0.8
```

இதில் எண்களைப் போட்டுப் பார்த்தால் ஒரு வேடிக்கை தெரியும். 98 சாதாரண டயரில் 33 பிஎஸ்ஐ இருந்தால் தாங்குவது ஏறக்குறைய 700 கிலோ. 30 இருந்தால் 648. இப்போது XL. 36 பிஎஸ்ஐயில் ஏறக்குறைய 750, 33-இல் 700, 30-இல் 649. அதாவது ஒரே அழுத்தத்தில் இரண்டு டயரும் தாங்குவது கிட்டத்தட்ட ஒரே எடைதான். டயரில் எடையைத் தாங்குவது பெரும்பாலும் உள்ளே இருக்கும் காற்று. ரப்பரும் கம்பியும் அந்தக் காற்றைப் பிடித்து வைத்திருக்கும் பை. XL செய்வது ஒன்றுதான், 36-க்கு மேலே 42 வரை ஏற்றும் காற்றையும் சுமையாகக் கணக்கில் சேர்த்துக்கொள்ள இடம் கொடுக்கிறது. சாதாரண டயரில் 42 ஏற்றினாலும் அதன் கணக்கு 750-இலேயே நின்றுவிடும்.

எனவே XL வாங்கிப் போட்டுவிட்டு, எல்லா வண்டிக்கும் ஏற்றும் அதே 33-ஐ ஏற்றி அனுப்பினால், கொடுத்த கூடுதல் காசுக்கு ஒரு கிலோ கூடத் திரும்பி வராது.

வண்டியின் எடை உண்மையில் எங்கே உட்கார்ந்திருந்தது

இந்த வேனின் ஓட்டுநர் பக்கக் கதவுத் தூணில் இரண்டு பலகைகள் உள்ளன. ஒன்றில் எடைகள்: மொத்த எடை 2,700 கிலோவுக்கு மேல் போகக் கூடாது, முன் அச்சில் அதிகபட்சம் 1,350, பின் அச்சில் அதிகபட்சம் 1,560. இன்னொன்று டயர் ஸ்டிக்கர்: 215/65R16 102H, மூன்று பேர் வரை முன்னும் பின்னும் 35 பிஎஸ்ஐ, முழுச் சுமைக்கு முன் 38, பின் 42.

டயர் தேர்ந்தெடுக்கும்போது பார்க்க வேண்டியது அந்தப் பின் அச்சின் 1,560 தான். பாதியாக்கினால் 780. 99 எண் டயர் 775 வரைதான் தாங்கும் என்பதால் அது ஐந்து கிலோவில் தோற்றுவிடுகிறது. குறைந்தபட்சம் 100 வேண்டும். நிறுவனம் 102 போட்டுக் கொடுத்தது. ஏனென்றால் அச்சின் எடை இரண்டு சக்கரத்துக்கும் சரிபாதியாகப் பிரிவதில்லை, வளைவிலும் பள்ளத்திலும் ஒரு பக்கம் அதிகம் விழும். 98 போட்டால் அச்சுக்கு 1,500 தான். வண்டியின் சொந்தப் பலகை அனுமதிப்பதை விட 60 கிலோ குறைவு. கணக்கு இங்கேயே முடிந்துவிட்டது. சாமான் எவ்வளவு, பயணம் எவ்வளவு தூரம் என்று கேட்பதற்கு முன்பே 98 தகுதியிழந்துவிட்டது.

“நாங்கள் அவ்வளவெல்லாம் ஏற்றுவதில்லை” என்பது வழக்கமாக வரும் பதில். இந்தப் பயணத்தின் சுமையைப் பிரித்துப் பார்ப்போம். காலி வண்டி 1,940 கிலோ. அதில் முன் அச்சில் 1,090, பின் அச்சில் 850. முன்னிருக்கையில் இருவர், 150 கிலோ. அதில் பின் அச்சுக்குப் போவது ஏறக்குறைய 70. நடு வரிசையில் மூவர், 200 கிலோ, அதில் 120 பின்னுக்கு. கடைசி வரிசையில் இருவர், 140 கிலோ. அந்த இருக்கை கிட்டத்தட்டப் பின் அச்சின் மேலேயே இருப்பதால் 133 கிலோ பின்னுக்கு. கூரைப் பெட்டியில் 60 கிலோ, பின்னுக்கு 39.

மிச்சம் இருப்பது கடைசி இருக்கைக்குப் பின்னால் அடுக்கிய 150 கிலோ சாமான். இதுதான் ஏமாற்றும். அந்தச் சாமான் பின் அச்சுக்கும் பின்னால் தொங்குகிறது. முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையில் 3 மீட்டர், சாமானின் மையம் பின் அச்சுக்கு 60 சென்டிமீட்டர் பின்னால். சீ-சா விளையாட்டில் நடப்பதுதான் இங்கேயும்: பின்னால் அமுக்கினால் முன்னால் தூக்கும். முன் அச்சிலிருந்து 30 கிலோ தூக்கப்பட்டு, பின் அச்சில் 150-க்குப் பதிலாக 180 கிலோ விழுகிறது. வேனுக்குப் பின்னால் டிரெய்லர் இழுத்தால் இந்த நெம்பு இன்னும் நீளும்.

கூட்டினால் பின் அச்சில் 1,392 கிலோ, முன் அச்சில் 1,248, மொத்தம் 2,640. எந்தப் பலகையையும் மீறவில்லை. எடை மேடையில் ஏற்றி நிறுத்தினால் வண்டி தேறிவிடும். ஆனால் சக்கரம் சக்கரமாக அளந்தால் வலது பின் சக்கரத்தில் 725, இடதில் 667. கனமான பெட்டிகள் வலது ஓரத்தில் இருந்தன, அவ்வளவே.

சரி, 725 என்பது 750-க்குக் கீழேதானே, டயர் ஏன் உப்பியது?

காற்று

கடையில் நான்கு டயரிலும் 33 பிஎஸ்ஐ ஏற்றி அனுப்பினார்கள். அந்த அழுத்தத்தில் 98-இன் திறன் 700 கிலோ. 725-க்கு அப்போதே பற்றாது. இரண்டு மாதத்தில் யாரும் மறுபடி அளக்கவில்லை. பழுதில்லாத டயரிலும் மாதத்துக்கு ஒரு பிஎஸ்ஐ அளவில் கசிவது இயல்பு. குளிர்ந்த விடியற்காலையில் புறப்பட்டதால் வெப்பநிலைக் குறைவும் சேர்ந்துகொண்டது. ஸ்டெப்னி மாற்றிய பிறகு, மறுநாள் காலை குளிர்ந்த நிலையில் மற்ற டயர்களை அளந்தபோது 30 காட்டியது. 30-இல் திறன் 648 கிலோ. அதன் மேல் 725 என்றால் 12 சதவீதம் அதிகச் சுமை, மூன்று மணி நேரம் விடாமல்.

டாஷ்போர்டில் எச்சரிக்கை விளக்கு ஏன் எரியவில்லை என்ற கேள்வி நியாயமானது. பரிந்துரைத்த அழுத்தத்திலிருந்து கால் பங்கு குறைந்தால் எரியும்படி அமைந்த விளக்கு அது. 35-இல் கால் பங்கு போனால் 26 அளவில்தான் எரியும். முழுச் சுமையோடு 42 இருக்க வேண்டிய இடத்தில் 30 இருக்கிறது என்பது அதற்குத் தெரியாது. வண்டியில் எத்தனை பேர் ஏறியிருக்கிறார்கள் என்று அது எண்ணுவதில்லை. சக்கரத்தின் சுழற்சியை வைத்துக் கணக்கிடும் வகையில் இன்னொரு சிக்கல். டயர் மாற்றியதும் 33-இல் வைத்து ரீசெட் பொத்தானை அழுத்தினால், அந்த 33-ஐயே சரியான அளவாக அது மனப்பாடம் செய்துகொள்ளும்.

காற்று குறைந்த டயருக்குச் சுமையில் நேர்வது இதுதான். தரையைத் தொடும் இடத்தில் பக்கச்சுவர் வளைந்து, மறுபடி நிமிர்கிறது. இந்த சைஸ் டயர் ஒரு கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 480 முறை சுற்றும். 110 வேகத்தில் மூன்று மணி நேரம் என்றால் ஒன்றரை லட்சம் வளைவுக்கு மேல். ஒவ்வொரு வளைவிலும் கொஞ்சம் ஆற்றல் ரப்பருக்குள்ளேயே சூடாகத் தங்கிவிடும். வளைவு ஆழமானால் சூடு கூடும், வேகம் கூடினால் அந்தச் சூடு ஆறுவதற்கு நேரம் இருக்காது. சூடு அதிகம் சேருவது தோள்பகுதியில், அதாவது ட்ரெட் முடிந்து பக்கச்சுவர் தொடங்கும் மடிப்பில். ரப்பர் தடிமன் அங்கேதான் அதிகம். ட்ரெட்டுக்கு அடியில் சுற்றியிருக்கும் எஃகு பெல்ட்டுகளின் வெட்டிய ஓரங்கள் முடிவதும் அங்கேதான். சூட்டில் அந்த ஓரத்துக்கும் ரப்பருக்கும் இடையிலான பிடிப்பு விட்டு, பிளவு உள்நோக்கி ஊர்கிறது. உப்பல் என்று வெளியே தெரிவது அந்தப் பிளவு நன்றாக வளர்ந்த பிறகு.

டயரைக் கழற்றிப் பிரித்தபோது இது கண்ணுக்கே தெரிந்தது. உட்பக்கத்தில், தோளுக்குக் கீழே, சுற்றிலும் ஒரு மங்கலான வளையம் ஓடியது. அந்த இடத்தில் உள்ளுறை ரப்பரின் பளபளப்பு போய், விரல் நகத்தால் சுரண்டினால் கருப்புத் தூள் வந்தது. பஞ்சராகி ஓடிய டயரில் இந்தத் தூள் கைப்பிடியளவு கிடைக்கும். இதில் அவ்வளவு இல்லை, எனவே காற்று திடீரெனப் போகவில்லை, குறைந்த காற்றோடு வெகுநேரம் ஓடியிருக்கிறது என்று பொருள். ட்ரெட்டில் இரண்டு ஓரங்களும் நடுவை விடத் தேய்ந்திருந்தன. ஆணி எதுவும் இல்லை, வால்வு கசியவில்லை. இடது பின் டயரிலும் அதே வளையம், இன்னும் மெல்லியதாக இருந்தது. வெளியே பார்த்தால் அது புத்தம்புதிய டயர். அதையும் ஒதுக்க வேண்டியதாயிற்று. உள்ளே பிடிப்பு விட்ட டயரில் சரியான காற்றை ஏற்றிவிட்டால் பிடிப்பு திரும்பாது.

அப்படியானால் குற்றவாளி யார், குறியீட்டெண்ணா காற்றா? இந்த ஒரு பயணத்துக்கு மட்டும் தீர்ப்புச் சொன்னால் காற்றுதான் முதல் குற்றவாளி. பழைய 102 டயரே இருந்து, அதிலும் 30 தான் இருந்திருந்தால், திறன் கிட்டத்தட்ட அதே 648 தான். இதை மறைப்பதில் பயனில்லை. ஆனால் 98-இன் பங்கு வேறு. ஸ்டிக்கரில் சொன்னபடி 42 ஏற்றியிருந்தால் 102 டயர் 850 வரை போயிருக்கும், 725-க்கு மேலே 125 கிலோ கையிருப்பு. அதே 42-ஐ 98-இல் ஏற்றினால் 750 தான், கையிருப்பு 25 கிலோ. ஒருவர் இடம் மாறி உட்கார்ந்தாலோ, ஒரு பெட்டி வலப்பக்கம் நகர்ந்தாலோ தீர்ந்துபோகும் கையிருப்பு அது. ஓட்டுநர் எல்லாவற்றையும் சரியாகச் செய்தாலும் சரியாக வராத நிலைக்கு வண்டியைக் கொண்டுவந்தது அந்த எண்.

இதோடு ஒரு குறிப்பு. அமெரிக்க விதிமுறையில், கார் வகை டயரை வேன், பலபயன் வண்டி போன்றவற்றில் மாட்டினால் அதன் சுமைத் திறனை 1.10-ஆல் வகுத்துத்தான் கணக்கிட வேண்டும். அப்படி வகுத்தால் 750 என்பது 682 ஆகிவிடும். இத்தகைய வண்டிகளில் கார்களை விட முரட்டுத்தனமாகச் சுமை ஏற்றுவார்கள், ஒரு பக்கமாகவும் ஏற்றுவார்கள் என்ற பட்டறிவு அந்த வகுத்தலுக்குள் இருக்கிறது.

எழுத்தின் கதை

எண்ணுக்கு அடுத்து வரும் எழுத்து, டயருக்கான உச்ச வேகத்தைச் சொல்கிறது. H என்றால் மணிக்கு 210 கிலோமீட்டர், T என்றால் 190. S என்றால் 180, V என்றால் 240. H ஏன் U-வுக்கும் V-க்கும் நடுவில் வருகிறது என்று கேட்டால், அகரவரிசை அங்கே உடைகிறது என்பதைத் தவிர நடைமுறையில் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்றுமில்லை.

110-க்கு மேல் போகாத வேனுக்கு 190 போதாதா? இந்தக் கேள்விக்கு நேர்மையான பதில், இந்த உப்பலுக்கு T காரணமில்லை என்பதே. ஆனால் அந்த எழுத்து, அந்த வேகத்தில் போகலாம் என்று தரும் அனுமதிச் சீட்டு மட்டும் அல்ல. அது சூட்டைத் தாங்கும் சோதனையின் மதிப்பெண். ஐக்கிய நாடுகளின் 30-ஆம் எண் விதிமுறைப்படி, டயரை ஒரு பெரிய உருளையின் மேல் அழுத்தி ஓட விடுவார்கள். வேகத்தைப் படிப்படியாக ஏற்றி, மொத்தம் ஒரு மணி நேரம் ஓட்டிய பிறகு ட்ரெட் பிரிந்திருக்கக் கூடாது, துண்டு பெயர்ந்திருக்கக் கூடாது. H வரையிலான எழுத்துகளுக்கு அப்போது டயர் மேல் வைக்கும் சுமை, குறியீட்டெண் சொல்லும் எடையில் 80 சதவீதம். காற்றும் குறைவில்லாமல் ஏற்றியிருப்பார்கள்.

நம் வேனின் வலது பின் சக்கரத்தில் இருந்தது, இருக்கும் காற்றுக்கு ஏற்ற திறனில் 112 சதவீதம். சோதனை நிலைக்கும் இந்த நிலைக்கும் உறவே இல்லை. 190 என்று எழுதியிருப்பதால் 110-இல் தாராளமாக இடம் இருக்கிறது என்று நினைத்தது அங்கேதான் தவறாகிறது. வேகத்தில் இருந்த மிச்சத்தைச் சுமையும் காற்றுக் குறைவும் சேர்ந்து சாப்பிட்டுவிட்டன. உயர்ந்த எழுத்துள்ள டயர்களில் பெல்ட்டுக்கு மேலே நைலான் உறையை முழு அகலத்துக்கும் சுற்றியிருப்பது வழக்கம். பெல்ட் ஓரம் எழும்பாமல் பிடித்து வைப்பது அதன் வேலை. சுமையேற்றிய வேனுக்கு அந்தப் பிடிப்பு, 210-இல் பறக்காவிட்டாலும், உதவவே செய்யும்.

இதன் மறுபக்கமும் கடைகளில் நடக்கும். “102H கையிருப்பில் இல்லை, 98V இருக்கிறது, அது இதைவிட உசத்தி” என்பார்கள். வேகத்தில் உசத்திதான். ஆனால் V வந்ததால் 750 கிலோ 751 ஆகாது. எழுத்தைக் கொடுத்து எண்ணை வாங்க முடியாது. இரண்டும் தனித்தனியாக, ஸ்டிக்கரில் உள்ளதற்குச் சமமாகவோ மேலாகவோ இருக்க வேண்டும். 102V தாராளமாகப் போடலாம், 104H கிடைத்தாலும் போடலாம். அப்போதும் காற்று ஸ்டிக்கரில் சொன்னதற்குக் குறையக் கூடாது.

வேறொரு வழியும் சொல்லப்படும்: சரக்கு வேன் டயர் போட்டுவிடலாமே என்று. இதே சைஸில் 215/65R16C 109/107 என்று வரும். C என்பது வணிக வண்டிக்கானது. 109 என்பது ஒற்றைச் சக்கரமாக ஓடும்போது 1,030 கிலோ, 107 என்பது பின்னால் இரட்டைச் சக்கரம் உள்ள வண்டியில் ஒவ்வொன்றுக்கும் 975. பார்க்கப் பெரிய எண். ஆனால் அந்த 1,030 கிடைப்பது அந்த டயருக்கே உரிய மிக உயர்ந்த அழுத்தத்தில். குடும்ப வேனின் ஸ்டிக்கரில் உள்ள 35-ஐ அதில் ஏற்றினால் 109 வெறும் அலங்காரம். வண்டி தயாரித்தவர் அந்த வகைக்கு அழுத்த அளவு கொடுத்திருந்தால் ஒழிய, அந்தப் பக்கம் போகாமல் இருப்பது நல்லது.

பக்கச்சுவரில் ஏமாற்றும் இன்னொரு வரி

98T டயரின் பக்கச்சுவரில், ரிம்முக்கு அருகே, சிறிய எழுத்தில் MAX LOAD 750 KG என்றும் MAX PRESS 350 KPA (51 PSI) என்றும் இருந்தது. இரண்டையும் ஒரே மூச்சில் படித்தால், 51 ஏற்றினால்தான் 750 வரும், அல்லது 51 ஏற்றினால் 750-க்கு மேல் கூட வரும் என்று இரண்டு விதமாகவும் தவறாகப் புரியும். அந்த 51 என்பது குளிர்ந்த நிலையில் டயரில் ஏற்றத் தகும் உச்சவரம்பு மட்டுமே. சுமை 36-இலேயே முழுமையாகிவிட்டது. அதற்கு மேல் ஏற்றும் காற்று அதிவேகத்துக்கோ கையாளுதலுக்கோ உதவலாம், கிலோவைக் கூட்டாது. வண்டிக்கு எவ்வளவு காற்று என்பதை டயரைப் பார்த்து முடிவு செய்வதே தவறு. அதைச் சொல்வது கதவுத் தூண்.

மாற்றியபோது செய்தவை

நான்கு டயரும் 102H XL ஆக மாற்றப்பட்டன. முன் அச்சுக்கு 1,350-இல் பாதி 675 என்பதால், கிலோ கணக்கில் 98 முன்னால் தேறும். முன் டயர் இரண்டையும் காப்பாற்றலாமா என்ற பேச்சு வந்தது. வேண்டாம் என்பதே சரியான முடிவு. சில மாதம் கழித்து டயர்களை முன்னும் பின்னும் மாற்றும்போது அந்த 98 பின்னால் போய்விடும், அதை அன்றைக்கு யாரும் படித்துப் பார்க்க மாட்டார்கள். தவிர, எழுத்துகள் கலந்திருந்தால் வண்டியின் வேக வரம்பு குறைந்த எழுத்தின் வரம்புதான்.

ரிம்மில் ஏற்றும் முன்பே, ஒவ்வொரு டயராகக் கையால் திருப்பி எண்ணையும் எழுத்தையும் XL-ஐயும் படித்தார்கள். பில்லில் 102H என்று இருந்தும் அடுக்கிலிருந்து இறங்கியதில் ஒன்று 98H ஆக இருந்தது. சைஸ் ஒன்றே என்பதால் அடுக்கில் கலந்திருக்கிறது. ஏற்றிய பிறகு பார்த்திருந்தால் கழற்றிப் போட வேண்டிய வேலை. பக்கச்சுவரில் DOT என்று தொடங்கும் வரியின் கடைசி நான்கு இலக்கங்களையும் அப்போதே பார்ப்பது நல்லது. முதல் இரண்டு இலக்கம் டயர் தயாரான வாரம், அடுத்த இரண்டு இலக்கம் ஆண்டு.

அடுத்த பயணத்துக்கு முந்தைய இரவே சாமான் ஏற்றப்பட்டது. கனமான பெட்டிகள் கடைசி இருக்கையின் முதுகை ஒட்டி, இரண்டு பக்கமும் பிரித்து, கீழே வைக்கப்பட்டன. சாமானின் மையம் 20 சென்டிமீட்டர் முன்னால் வந்தால் பின் அச்சில் 10 கிலோ குறையும். அது சிறு எண்தான், ஆனால் வலது இடது வேறுபாடு 58 கிலோவிலிருந்து இறங்கியதுதான் பெரிய லாபம். காலையில், வண்டியை நகர்த்தும் முன், முன்னால் 38-ம் பின்னால் 42-ம் ஏற்றப்பட்டது. காற்று நிரப்பும் இடம் தொலைவில் இருந்தால் சூடேறிய டயரில்தான் அளக்க வேண்டிவரும். அதனால் சிறிய மின் பம்ப்பும் ஒரு தனி கேஜும் வீட்டிலேயே வைத்திருப்பது இந்த வேலைக்குப் பெரிய உதவி. ஸ்டெப்னியிலும் 42 ஏற்றி வைத்தார்கள். ஸ்டெப்னியில் கூடுதலாக இருந்தால் குறைத்துக்கொள்ளலாம், வழியில் ஏற்றுவது கடினம்.

நாற்பது நிமிடம் ஓடிய பிறகு நிறுத்தி, பின் டயர்களை மறுபடி அளந்தார்கள். 46, 46. நான்கு பிஎஸ்ஐ ஏறுவது இயல்பு. சுமைக்குக் காற்று போதுமா என்று டயரையே கேட்டுத் தெரிந்துகொள்ள இதைவிட எளிய வழி இல்லை. 30-இல் புறப்பட்ட பழைய டயர், உள்ளே 50 டிகிரி சூடேறியிருந்தால் 37-க்கு மேல் காட்டியிருக்கும். அந்த நேரத்தில் அளந்தவர், அப்பாடா, 37 இருக்கிறது, போதும் என்று நிம்மதியாகியிருப்பார். இயல்பான நான்கை விட நன்றாகத் தாண்டி ஏறியிருந்தால் டயர் அதிகமாக வளைகிறது என்று அர்த்தம். அப்போது சூடான காற்றை வெளியே விடுவதுதான் செய்யக்கூடாத முதல் காரியம், ஏனென்றால் குறைவாக இருந்தது இன்னும் குறையும். சுமையைக் குறைத்து, டயர் ஆறிய பிறகு குளிர்ந்த அளவைச் சரிசெய்ய வேண்டும்.

ஊர் திரும்பிச் சாமானை இறக்கியதும் பின் டயர்கள் மறுபடி 35-க்கு இறக்கப்பட்டன. காலி வண்டியில் பின் அச்சில் 850 கிலோதான், டயருக்கு 425. அந்தச் சுமைக்கு 42 அதிகம்: ட்ரெட்டின் நடுப்பகுதி மட்டும் தேயும், ஈரச் சாலையில் பின்பக்கம் பிடிப்பில்லாமல் துள்ளும்.